படத்தின் கீழே ஒரு வரி

ஆண்டு விழா மலருக்கென ஒவ்வோர் ஆண்டும் பெற்றோர் எம்மிடம் தரும் புகைப்படங்களுள் ஒருவகைப் படம் தவறாது இடம்பெறும். பிள்ளை ஒன்று மடியிலே புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வாய் திறந்து வாசிக்கும். அதன் கீழே, "எங்கள் செல்வம் யாருடைய உதவியுமின்றித் தமிழ்க் கதைப்புத்தகம் வாசிக்கிறாள்" என்று எழுதியிருக்கும். இவ்வாறான படக்குறிப்புகளை நாம் அப்படியே அச்சுக்கு அனுப்பி வந்துள்ளோம். இம்முறை ஒரு பிள்ளை எம்மை நிறுத்திவிட்டாள்.

மல்கிரேவில் வாழும் ஏழு வயதுச் சிறுமி அவள். காகமும் குடமும் பற்றிய பழங்கதையைச் சொல்லும் பதினாறு பக்கப் புத்தகமொன்றை முதலிலிருந்து கடைசிவரை உரத்து வாசித்தாள். தாயார் படம் எடுத்து, வழக்கமான வரியை எழுதி, மகளிடமே காட்டினார். சிறுமி படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "அம்மா, இதில அம்மம்மாவின்ர விரல் இருக்குது. அவ எனக்கு ரெண்டு சொல் சொல்லித் தந்தவ" என்றாளாம். படத்தின் வலது ஓரத்தில், புத்தகத்தின்மேல், முதிய விரலொன்று உண்மையாகவே தெரிந்தது. தாயார் அப்படத்தையும் குறிப்பையும் எம்மிடம் கொண்டுவந்து, "இதற்கு என்ன எழுதலாம்?" என்று கேட்டார். அக்கேள்விக்கு விடை தேட முயன்றதன் பயனே இக்கட்டுரை.

முதலில், 'உதவி' என்பது யாது என்று நோக்குவோம். சொல்லைச் சொல்லித் தருவது உதவி என்பது வெளிப்படை. ஆனால் பெற்றோர் கவனியாது விடும் உதவிகள் வேறு பல உள. தமிழ்ச் சொல்லின் மேலே பென்சிலால் ஆங்கில எழுத்தில் ஒலியை எழுதி வைப்பது ஒன்று. அவ்வாறு எழுதிய புத்தகத்தைப் பிள்ளை வாசிக்கும்போது அது வாசிப்பது ஆங்கில எழுத்தையே. பிள்ளை தயங்கும் கணத்தில் முதல் ஒலியை மட்டும் மெல்ல ஒலித்துக் காட்டுவது மற்றொன்று. பிழையாக வாசித்தவுடன் பெற்றோர் முகம் சுளிப்பதும் உதவிதான். அம்முகத்தைக் கண்டே பிள்ளை திரும்பிச் சென்று திருத்திக்கொள்ளும்.

யாவற்றிலும் மறைவான உதவி நினைவாற்றல். இரவுதோறும் தாய் வாசித்துக் காட்டிய புத்தகத்தைப் பிள்ளை மனத்தில் பதித்துவிடும். பின்பு பக்கத்தைப் புரட்டிப் புரட்டி, ஒரு சொல்லும் பிசகாது 'வாசிக்கும்'. இதனைக் கண்டுபிடிப்பது எளிது. பிள்ளையின் கண் எழுத்திலன்றிப் படத்திலேயே நிற்கும். வரி முடியுமுன்னரே கை அடுத்த பக்கத்தைத் தேடும். ஐயமிருப்பின் நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து, படத்தை ஒரு தாளால் மூடி, அங்கிருந்து தொடங்கச் சொல்லலாம். அல்லது "குடம் என்ற சொல் இந்தப் பக்கத்தில் எங்கே?" என்று கேட்கலாம். மனனம் செய்த பிள்ளை பக்கத்தின் தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டு வந்துதான் அச்சொல்லை அடையும். வாசிக்கும் பிள்ளையின் விரல் நேரே அதன்மீது சென்று நிற்கும்.

மனனம் இழிவானதென்று நாம் கூறவில்லை. அது வாசிப்பின் வாசற்படி. 2005ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் விக்ரோறிய முதல்வரின் வாசிப்புச் சவாலிலேகூட, மிகச் சிறிய வகுப்புப் பிள்ளைகள் பெரியோருடன் சேர்ந்து வாசித்த நூல்களையும் தம் கணக்கிலே சேர்த்துக்கொள்ள இடமுண்டு. சேர்ந்து வாசித்ததைச் சேர்ந்து வாசித்ததாக எழுதினால் எவருக்கும் குறையில்லை.

இனி, பிள்ளை வாசித்ததை அளப்பது எவ்வாறு? இங்குள்ள ஆரம்பப் பாடசாலைகளில் பிள்ளைகளைப் படிக்கவிட்ட பெற்றோர் பலர், ஆசிரியர் பிள்ளையின் அருகே அமர்ந்து, அது வாசிக்க வாசிக்க ஒரு தாளில் சிறு கோடுகளை இட்டுக்கொண்டு போவதைப் பார்த்திருப்பர். 'றன்னிங் றெக்கோட்' எனப்படும் இம்முறையை வகுத்தவர் நியூசிலாந்தின் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மேரி கிளே (1926–2007) என்னும் அம்மையார். நாம் இதனை வாசிப்புப் பதிவு என்று அழைப்போம்.

முறை மிக எளியது. சரியாக வாசித்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சரிக்குறி. வேறு சொல்லாக வாசித்தால் வாசித்த சொல்லை மேலும் நூலில் உள்ள சொல்லைக் கீழுமாக எழுத வேண்டும். விட்டுச் சென்றால் ஒரு சிறு கோடு. பெரியவர் சொல்லித் தந்தால் 'சொ' என்று குறிக்கலாம். அது பிழையாகவே எண்ணப்படும். ஆனால் பிள்ளை பிழைவிட்டு, எவரும் சொல்லாமல் தானே திரும்பி வந்து திருத்தினால், அது பிழையன்று. அதனைத் 'தி' என்று தனியே குறிக்க வேண்டும். இறுதியில் நூறு சொல்லுக்கு எத்தனை சரி என்று கணக்கிடுவர். 95 அல்லது அதற்கு மேலாயின் அந்நூல் அப்பிள்ளைக்கு இலகுவானது. 90 முதல் 94 வரையாயின் ஆசிரியர் துணையோடு கற்கத் தக்கது. 90க்குக் கீழே போனால் நூல் கடினமானது. பிள்ளை கதையை இழந்து எழுத்தோடு மல்லாடும்.

கிளே அம்மையாரின் கருத்துகள் யாவும் இன்று ஏற்கப்படுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தெரியாத சொல்லைப் படத்தைப் பார்த்தும் கதைப்போக்கை எண்ணியும் ஊகிக்கலாம் என்ற போக்கு அவர் வழிவந்த கற்பித்தலில் இருந்தது. இன்று அது பெரிதும் கைவிடப்பட்டு, எழுத்துக்கும் ஒலிக்குமுள்ள தொடர்பை முறையாகக் கற்பிக்கும் வழி முன்வந்துள்ளது. விக்ரோறிய அரசும் 2025 முதல் தன் பாடசாலைகளின் தொடக்க வகுப்புகளில் அவ்வழியையே வேண்டி நிற்கின்றது. எனினும் பிள்ளை வாயால் வந்ததை வந்தவாறே குறித்துக்கொள்ளும் அப்பதிவு முறை மட்டும் எமக்குப் பெரிதும் பயன்படும்.

அச்சிறுமியின் அம்மம்மாவும் தாயாரும் எமது வேண்டுகோளின்படி அம்முதல் வாசிப்பை நினைவுகூர்ந்து தாளில் இட்டனர். தாயார் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவும் செய்திருந்தமையால் வேலை இலகுவாயிற்று. புத்தகத்தில் மொத்தம் 120 சொற்கள். சொல்லித் தந்தவை இரண்டு: 'கூழாங்கற்களை', 'எட்டவில்லை'. திருத்தாது விட்ட பிழைகள் நான்கு. 'நீர்' என்றிருந்த இடத்தில் 'தண்ணீர்' என்றாள். 'குடத்தினுள்' என்பதைக் 'குடத்தில்' என்றாள். 'உயர்ந்தது' என்பது 'உயர்ந்து' ஆயிற்று. 'மெல்ல' என்னும் சொல்லை விட்டுவிட்டாள். ஆக ஆறு பிழை. 120இல் 114 சரி. நூற்றுக்குச் சரியாக 95. தானே திருத்தியவை மூன்று.

இந்த எண்ணைவிட அதனுள்ளே கிடக்கும் விபரமே எம்மைக் கவர்ந்தது. நான்கு பிழைகளில் எதுவும் கதையைக் கெடுக்கவில்லை. 'தண்ணீர்' என்று வாசித்தவள் கதையைப் புரிந்துகொண்டே வாசித்தாள். வீட்டில் புழங்கும் சொல் நாவில் முந்திக்கொண்டது. ஆனால் எழுத்தைப் பார்த்திருந்தால் 'நீ' என்ற முதலெழுத்தே 'த' அன்று என்று சொல்லியிருக்கும். ஆதலால் அது பிழையென்றே எண்ணப்பட வேண்டும், கண்டிக்கப்பட வேண்டியதில்லை.

திருத்திய மூன்றில் ஒன்று 'போட்டது'. முதலில் 'பேட்டது' என்று வாசித்து, ஒரு கணம் நின்று, 'போட்டது' என்றாள். தமிழ் எழுத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர்கள் இதனை உடனே அடையாளம் காண்பர். 'போ' என்னும் எழுத்தில் கொம்பு முன்னேயும் அரவு பின்னேயும் நிற்க, நடுவிலே பகரம் இருக்கின்றது. ஆங்கிலத்தில் இடமிருந்து வலமாக எழுத்துக்கு எழுத்து நகர்ந்து பழகிய கண், கொம்பையும் பகரத்தையும் கண்டவுடனே 'பே' என்று ஒலித்துவிடும். அரவைக் காணும்போது நா முந்திவிட்டிருக்கும். ஓர் எழுத்துத் தூரம் முன்னே பார்க்கக் கண் பழகினாலன்றி இது தீராது. அச்சிறுமி திரும்பி வந்தமைக்குக் காரணம் 'பேட்டது' என்றொரு சொல் அவள் அறிந்த தமிழில் இல்லாமையே. ஒலித்ததைத் தன் காதாலேயே கேட்டு, பொருளில்லை என்று உணர்ந்து, எழுத்துக்குத் திரும்பியிருக்கிறாள். உதவியின்றி வாசித்தல் என்று நாம் கூறுவது இதனைத்தான்.

இவ்விடத்தில் தமிழுக்கே உரிய இடர் ஒன்றைச் சற்று விரித்துரைக்க வேண்டும். எம் மொழியில் எழுத்தைக் கூட்டி ஒலிக்கக் கற்ற பிள்ளை, பொருள் தெரியாத சொல்லையும் பெரும்பாலும் ஒலித்துவிடும். ஆங்கிலத்தில் அவ்வாறன்று, சொல்லை முன்பே அறியாவிடில் அதன் ஒலியே பல இடங்களில் புலப்படாது. ஆகவே தமிழ்ப் பிள்ளை பதினாறு பக்கத்தையும் தங்குதடையின்றி ஒலித்து முடித்துவிட்டு, காகம் என்ன செய்தது என்று கேட்டால் திகைத்து நிற்கவும் கூடும். பெற்றோர் கைதட்டி மகிழ்ந்திருக்க, வாசிப்பு அங்கே நிகழவேயில்லை.

இதனை அறியவும் ஒரு வழி உண்டு. காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். 'காகம்' என்ற சொல்லில் ககரம் இருமுறை வருகின்றது. முதலில் வருவது வன்மையாக ஒலிக்கும். இரு உயிரொலிகளுக்கு நடுவே வருவது மென்மையாகத் தேய்ந்து ஒலிக்கும். 'கூழாங்கற்கள்' என்பதில் ஙகரத்தின் பின்னே வரும் ககரத்தின் ஒலி வேறு, றகரத்தின் பின்னே வருவதன் ஒலி வேறு. இவ்வேறுபாட்டை எழுத்து காட்டுவதில்லை. சொல்லை அறிந்த நாவே காட்டும். இரண்டு ககரத்தையும் ஒரேபோல் வன்மையாகத் தட்டித் தட்டி ஒலிக்கும் பிள்ளை எழுத்தைக் கூட்டுகிறது. சொல்லை இன்னும் எட்டவில்லை. எமது சிறுமி 'காகம்', 'தாகம்' இரண்டையும் வீட்டில் பேசுவதுபோலவே ஒலித்தாள். 'அலகு' என்ற சொல்லில் மட்டும் ககரத்தை வன்மையாக ஒலித்துச் சென்றாள். விசாரித்ததில், அலகு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. "சொண்டு" என்று அம்மம்மா கூறியவுடன் முகம் மலர்ந்ததாம். பதிவுத் தாளில் அது சரிக்குறி பெற்ற சொல். ஆயினும் அன்றுவரை அவள் வாசியாத சொல்.

இதற்கு நேர்மாறானதும் ஒன்றுண்டு. 'பார்த்தது' என்று அச்சிட்டிருந்ததை அவள் ஓரிடத்தில் 'பாத்துது' என்று வாசித்தாள். தாயார் இதனைப் பிழையென்று குறிக்க முற்பட்டார். நாம் உடன்படவில்லை. யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சு அப்படித்தான் ஒலிக்கின்றது. எழுத்துத் தமிழைக் கண்டு பேச்சுத் தமிழாக ஒலித்த பிள்ளை, பொருளைக் கண்டுகொண்டு விட்டது என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. பேச்சுவழக்கின் ஒலியைப் பிழைக்கணக்கில் சேர்ப்பதில்லை என்பதே கிளே அம்மையாரின் முறையுமாகும். எழுதும்போது 'பார்த்தது' என்று எழுதக் கற்பது வேறு பாடம். அதற்கு வேறொரு சனிக்கிழமை உண்டு.

மற்றுமொரு எச்சரிக்கை. நூற்றுக்கு 95 என்னும் எல்லைகள் ஆங்கில நூல்களைக் கொண்டு வகுக்கப்பட்டவை. தமிழிலோ ஒரு சொல் பல சொற்களின் பொருளைச் சுமந்து நிற்கும். 'போட்டுக்கொண்டிருந்தது' என்பது எமக்கு ஒரே சொல். அதன் வாலில் ஓரெழுத்துப் பிசகினாலும் முழுச் சொல்லும் பிழையாகிவிடும். 'உயர்ந்தது' 'உயர்ந்து' ஆனதும் அவ்வாறே. ஆதலால் பாடசாலையிலிருந்து வரும் ஆங்கில வாசிப்புப் புத்தகத்தின் எண்ணையும் தமிழ்ப் புத்தகத்தின் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பிள்ளையைக் குறைகூறுதல் தகாது. தமிழில் 92 பெற்ற பிள்ளை மிக நன்றாகவே வாசித்திருக்கக் கூடும். வாலில் வரும் பிழைகளைத் தனியே எண்ணிக்கொள்வது நன்று என்பது எம் கருத்து.

புத்தகம் எப்போது அச்சிடப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்படுத்துமுன் ணை, லை, ளை, னை என்பன துதிக்கை போன்ற சுழியோடும், ணா, றா, னா முதலியன வேறு வடிவிலும் அச்சிடப்பட்டன. ஊரிலிருந்து பெட்டியில் வந்த பழம் புத்தகங்களில் இவற்றை இன்றும் காணலாம். எமது வகுப்புகளில் இவ்வடிவங்களைக் கற்பிப்பதில்லை. ஆகவே அத்தகைய புத்தகமாயின், வாசிக்கத் தொடங்குமுன்னரே அவ்வெழுத்துகளைக் காட்டிவிடுதல் நேர்மையே. அது சொல்லைச் சொல்லித் தருவதாகாது.

சிறுமியின் கதைக்குத் திரும்புவோம். ஒரு கிழமை புத்தகம் அலுமாரியின் மேல்தட்டில் இருந்தது. எவரும் அதை வாசித்துக் காட்டவில்லை. அடுத்த சனிக்கிழமை, படங்களைத் தாளால் மூடி, முதலில் ஒன்பதாம் பக்கத்தையும் பின்பு முழுப் புத்தகத்தையும் வாசிக்கச் செய்தனர். அம்மம்மா எதிரே இருந்த நாற்காலியில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். அது அவருக்குக் கடினமாக இருந்ததென்று தாயார் பின்னர் கூறினார். 'கூழாங்கற்களை' என்ற சொல்லில் பிள்ளை நெடுநேரம் நின்றாள். பெரியவர்கள் பத்து எண்ணும்வரை வாய் திறப்பதில்லை என்று முன்பே பேசி வைத்திருந்தனர். எட்டு எண்ணுவதற்குள் அவள் 'கூழாங்' என்று பிரித்து, 'கற்களை' என்று சேர்த்துவிட்டாள். சொல்லித் தந்தவை இல்லை. திருத்தாத பிழை இரண்டு. 'நீர்' மீண்டும் 'தண்ணீர்' ஆயிற்று, 'குடத்தினுள்' மீண்டும் 'குடத்தில்' ஆயிற்று. தானே திருத்தியவை நான்கு. 120இல் 118 சரி, நூற்றுக்கு 98. பின்பு புத்தகத்தை மூடிவைத்து, "காகம் ஏன் கல்லைப் போட்டது?" என்று கேட்டதற்கு, "கல்லு உள்ள போனா தண்ணிக்கு இடமில்லை, அதுதான் மேல வருது" என்றாள்.

இப்போது படக்குறிப்பு. படம் முதல் வாசிப்பின்போது எடுக்கப்பட்டது. இரண்டாம் வாசிப்பின்போது எவரும் படமெடுக்க நினைக்கவில்லை. விரலை வெட்டிவிட்டு அச்சிடலாமா என்று ஒருவர் கேட்டார். தாயார் மறுத்துவிட்டார். விரலும் இருக்கட்டும், நடந்ததும் இருக்கட்டும் என்பது அவர் முடிவு.

எழுதும்போது மூன்று விடயங்களைக் கவனிக்குமாறு கேட்டுக்கொண்டோம். ஒன்று, 'தமிழ் வாசிக்கிறாள்' என்னும் பொதுச் சொல்லைவிட எந்தக் கதை, எத்தனை பக்கம், எத்தனை சொல் என்பது பத்தாண்டுகளுக்குப் பின்னும் பொருள் தரும். இரண்டு, உதவி இருந்தால் யாருடையது, எந்த அளவினது என்று எழுத வேண்டும். மூன்றாவது எமக்கு மிக விருப்பமானது: குறிப்பை அப்பிள்ளையே வாசிக்கக்கூடிய சொற்களில் எழுத வேண்டும். 'செவ்வனே', 'பெருமிதம்' என்பன பெரியோர் பெரியோருக்கு எழுதுபவை. ஏழு வயதுப் பிள்ளையைப் பற்றிய வரியை அப்பிள்ளையால் வாசிக்க முடியாமற் போவது விந்தையன்றோ! முழுப் பெயரையும் பிறந்த நாளையும் அச்சிட வேண்டாம் என்பதையும் சேர்த்துக் கூறினோம். மலர் பல கைகளுக்குப் போகும்.

தாயார் எழுதித் தந்த குறிப்பு இது:

"ஏழு வயது. காகமும் குடமும் கதை. 16 பக்கம், 120 சொல். தமிழில் இவள் வாசித்த முதல் முழுப் புத்தகம். இந்தப் படம் எடுத்த நாளில் அம்மம்மா இரண்டு சொல் சொல்லித் தந்தார். அவர் விரல் படத்தில் உண்டு. அடுத்த கிழமை ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லித் தரவில்லை. 'பேட்டது' என்று வாசித்து, 'போட்டது' என்று தானே திருத்தினாள்."

அச்சுக்கு அனுப்புமுன் சிறுமியிடமே அதனைக் கொடுத்து உரத்து வாசிக்கச் செய்தோம். 'எடுத்த' என்பதை 'அடுத்த' என்று வாசித்து, வரி முடிவில் நின்று, திரும்பி வந்தாள்.